டெவலப்பர் "எனக்கு வரலையே" என்றால்

கேள்வி: டீம் சாட்டில் ஸ்டெப்ஸ், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டுத்தான் பக் சொல்கிறேன். ஆனாலும் டெவலப்பர் "எனக்கு வரலையே" என்று முடித்துவிடுகிறார். எங்கே தப்பு செய்கிறேன்?

நீங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் தேவையான இடத்தை மட்டும் அழகாக வெட்டிப் போடுகிற ஆள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன், அதனால் மூன்று நாள் வீணாகப் போனது.

அப்போது எனக்கு நைட் ஷிஃப்ட். கிடங்குக்கு வரும் சரக்கைப் பதிகிற ஒரு ஸ்கிரீன், திறந்தவுடன் தேதிக் கட்டத்தில் அன்றைய தேதி தானாக நிரம்ப வேண்டும். ஜூன் 12, நள்ளிரவு தாண்டி ஒரு மணி பத்து நிமிடம், கட்டத்தில் 11-06 என்று நிற்கிறது. உடனே Win+Shift+S அழுத்தி அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி, "டேட் தப்பா வருது ப்ரோ, பாருங்க" என்று சாட்டில் போட்டுவிட்டேன். அவர் காலை பதினோரு மணிக்குத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. "என் மெஷின்ல சரியா வருது, கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க" என்றார். செய்தேன், அன்று இரவும் அதேதான். அப்புறம்தான் தெரிந்தது, நாளும் மாதமும் இடம் மாறி வருவதாக நான் குறை சொல்கிறேன் என்று அவர் நினைத்து அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்! அவரைக் குறை சொல்ல முடியாது, என்ன வரவேண்டும் என்று நான் எழுதவே இல்லையே.

மூன்றாவது இரவு எழுதியது இது (ஆங்கிலத்தில் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன்):

"ஸ்டேஜிங், குரோம். லேப்டாப் நேரம் ஜூன் 14, 01:20, இந்திய நேரம்.
1. ஸ்டோர் யூசராக லாகின்.
2. சரக்கு வரவு, அதில் 'புதிது'.
3. எதையும் தொடாமல் தேதிக் கட்டத்தைப் பார்க்கவும்.
வரவேண்டியது: 14-06. வந்தது: 13-06.
நேற்று காலை 5:40க்கு ரீஃப்ரெஷ் செய்தபோது சரியாக வந்தது. இரவில் மட்டும்தான் தப்பு."

கூடவே முழுத் திரையின் படம், கீழே மூலையில் கடிகாரம் தெரிய. முதல் நாள் நான் வெட்டி எறிந்தது அந்தக் கடிகாரத்தைத்தான்.

காலையில் வந்த பத்து நிமிடத்தில் அவர் இந்த வரியை அனுப்பினார்:

```js
const today = new Date().toISOString().slice(0, 10);
```

`toISOString()` எப்போதும் யுடிசி நேரத்தைத்தான் தரும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே 14ஆம் தேதி 01:20 என்றால் அங்கே இன்னும் 13ஆம் தேதி இரவு 7:50. ஆக நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை நேற்றைய தேதிதான் வரும், அதற்கப்புறம் நாள் முழுக்கச் சரியாக இருக்கும். பகலில் வேலை செய்கிறவர் கண்ணில் இது படவே படாது. அவர் தன் லேப்டாப் கடிகாரத்தை ஒரு மணிக்கு மாற்றி வைத்தார், அவருக்கும் வந்துவிட்டது. (தேதி சர்வரிலிருந்து வருவதாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது.) `getFullYear()`, `getMonth()`, `getDate()` வைத்து உள்ளூர்த் தேதியை எடுக்கும்படி மாற்றினார், முடிந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஜூலை 1 அதிகாலை வந்த சரக்கெல்லாம் ஜூன் கணக்கில் ஏறியிருக்கும்.

"பக்கை ஏன் சாட்டில் சொல்கிறாய், ஜிராவில் போடு" என்று கீழே யாராவது வருவார்கள், தெரியும். போட்டேன் ஐயா, அதிலும் அதே வெட்டின படம்தான் இருந்தது. எல்லா பக்குக்கும் நேரம் எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. பட்டன் நிறம் தப்பு என்றால் யாரும் மணி கேட்கப் போவதில்லை. தேதி, ரிப்போர்ட், ஓடிபி மாதிரி நேரத்தோடு ஒட்டிய எதுவாக இருந்தாலும் கடிகாரத்தோடு படம் எடுங்கள், வரவேண்டியதையும் வந்ததையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். உங்கள் ஸ்டெப்ஸில் என்ன விட்டுப்போனது என்பது அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அந்த 5:40க்கு நான் ஏன் ஆபீஸில் இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிவது ஐந்து மணிக்கு. இரண்டு ரூட்டை ஒன்றாக்குகிறோம் என்று கேபை ஆறு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ரீஃப்ரெஷ் செய்து பார்த்ததுதான் அந்த 5:40. பக் அன்றே சரியாகிவிட்டது, கேப் இன்னும் ஆறு மணிக்குத்தான் வருகிறது.