பங்கு அசையவில்லை, பிரீமியம் மட்டும் எங்கே போனது?

கேள்வி: 1000-இல் இருந்த பங்குக்கு, 1000 ஸ்டிரைக் கால் ஆப்ஷனை 22.87-க்கு வாங்கினேன். எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருந்தது. ஐவி 20%, தீட்டா -0.38, வேகா 1.14. ஒரு வாரம் கழித்தும் பங்கு அதே 1000-இல்தான் நிற்கிறது. பிரீமியம் 17.02 ஆகிவிட்டது. தீட்டாவை 7-ஆல் பெருக்கினால் 2.66தானே குறைய வேண்டும்?

பதில்: உங்கள் 5.85 நஷ்டத்தில் பாதிக்கும் குறைவுதான் தீட்டாவின் வேலை. மீதியைத் தின்றது வேகா.

முதலில் காலத்தை மட்டும் பார்ப்போம். ஒரு நாள் கழிவதால் மட்டும் பிரீமியம் எவ்வளவு குறையும் என்பதே தீட்டா. வட்டியைக் கணக்கில் சேர்க்காமல், ஐவி 20 சதவீதத்திலேயே நின்றிருந்தால், 23 நாள் மீதமுள்ள இந்த ஆப்ஷனின் விலை 20.03. அதாவது வாரத் தேய்மானம் 2.84. உங்கள் 2.66-ஐவிடச் சற்று அதிகம். காரணம், திரையில் தெரியும் தீட்டா அன்றைய ஒரு நாளுக்கான வேகம்தான். பங்கு ஸ்டிரைக்கிலேயே நிற்கும்போது அந்த வேகம் நாளுக்கு நாள் கூடும். உங்களுடையது இப்போது 0.43-ஐத் தாண்டியிருக்கும், எக்ஸ்பைரிக்கு 7 நாள் இருக்கையில் 0.79 ஆகும்.

ஆனால் 20.03 எப்படி 17.02 ஆனது? ஐவி 20-இலிருந்து 17-க்கு இறங்கியிருக்கிறது. உங்கள் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை போடும் கணக்குதான் ஐவி. அது ஒரு புள்ளி மாறினால் பிரீமியம் எவ்வளவு மாறும் என்பதே வேகா. காலாண்டு முடிவு மாதிரி எல்லோரும் காத்திருக்கும் செய்திக்கு முன்னால் ஐவி உப்பியிருக்கும். செய்தி வந்த மறுநாளே வற்றிவிடும். நீங்கள் வாங்கிய நாளுக்கும் இன்றைக்கும் இடையில் அப்படி ஏதாவது வந்ததா என்று பாருங்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய வேகா 1.14-ஐ 3-ஆல் பெருக்கினால் 3.42 வரும். உண்மையில் போனது 3.01தான். ஒரு வாரம் கழிந்ததில் வேகாவும் 1.00 ஆகச் சுருங்கிவிட்டது. நாள் குறையக் குறைய ஐவிக்கு வேலை செய்ய அவகாசம் இல்லை. இதே வாரத்தில் ஐவி இறங்காமல் 23-க்கு ஏறியிருந்தால் பிரீமியம் 23.03, காலம் தின்றதை வேகா ஈடுகட்டியிருக்கும்.

தீட்டா கடைசி வாரத்தில் எகிறும் என்பதை எல்லா ஸ்டிரைக்குக்கும் பொருத்திவிடாதீர்கள். அதே பங்கில் 1100 கால் எடுத்திருந்தால் 30 நாளில் தீட்டா 0.10. பங்கு நகராமல் 7 நாளே மீதம் என்றால் அது ஏறக்குறைய பூஜ்யம். கரைய வேண்டியதெல்லாம் முன்பே கரைந்திருக்கும்.

இன்னொன்று: சில தளங்கள் விடுமுறை நாளையும் சேர்த்துத் தீட்டா காட்டும், சில வர்த்தக நாளை மட்டும் எண்ணும். உங்கள் தளம் எந்த ரகம் என்று தெரியாமல் 7-ஆல் பெருக்காதீர்கள்.