சான்றிதழின் மேல் சிவப்பு முத்திரை: நகல் எடுப்பது எப்படி?

கேள்வி: மகள் மாநில அளவிலான பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சான்றிதழை உதவிநிதி விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். பட்டணத்துப் போட்டோஸ்டாட் கடையில் எடுத்த நகலில் சிவப்பு முத்திரை கறுப்பு வட்டமாகி, நடுவில் கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, தேதி மூன்றையும் மூடிவிட்டது. முழுவதையும் புதிதாக டைப் செய்து முத்திரையையும் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? – சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய்

பதில்: வேண்டாம்மா. கடைக்காரர் உதவும் எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அசலைப் போலவே ஒரு தாளை உருவாக்கி, முத்திரையையும் கையொப்பத்தையும் அதில் ஏற்றினால் அது நகல் ஆகாது, போலி ஆவணம். மலேசியக் குற்றவியல் சட்டத்தில் போலி ஆவணம் தயாரிப்பதற்கு 465ஆவது பிரிவும், அதை உண்மையானதைப் போலப் பயன்படுத்துவதற்கு 471ஆவது பிரிவும் இருக்கின்றன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை என்று வாதாடும் நிலைக்கு உங்கள் மகளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். அசல் உங்கள் கையில் இருக்கிறது. அதிலிருந்தே தெளிவான நகல் எடுத்துவிடலாம்.

முத்திரை கறுத்துப்போனதற்குக் காரணம் எளிது. கறுப்பு வெள்ளை மிஷினுக்கு நிறம் தெரியாது, வெளிர் அடர்வு மட்டும்தான் தெரியும். அடர் சிவப்பும் கறுப்பு எழுத்தும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். மிஷின் Text முறையில் இருந்தால் இடைப்பட்ட சாம்பல் நிறங்களையும் கறுப்பாக்கிவிடும். அதனால் கடையில் முதலில் "கலர் நகல், Text/Photo முறையில்" என்று கேளுங்கள். கலர் நகலுக்குக் கூடுதல் காசு ஆகும். விலையை முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒன்று மட்டும் எடுத்துப் பாருங்கள். சரியாக வந்தபின் மற்றவற்றை எடுக்கலாம்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை வெளியே எடுத்து, கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மேல்தட்டில் செருகினால் மிஷின் தாளை வளைத்து இழுக்கும். தடித்த அட்டை அதில் மடங்கிப்போகும், முத்திரை மையும் தேயும். அளவை 90% என்று வைக்கச் சொல்லுங்கள். முழு அளவில் எடுத்தால் மிஷின் விளிம்பில் சில மில்லிமீட்டர் அச்சிடாது, அலங்காரக் கரை அறுந்துவிடும். இன்னொரு பயனும் உண்டு. A4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். பத்து விழுக்காடு சுருக்கி, படத்தை நடுவில் வைக்காமல் மேல்மூலையில் சில மில்லிமீட்டர் மட்டும் விட்டுத் தொடங்கினால், கீழே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வெற்றிடம் கிடைக்கும். நகலை உறுதிப்படுத்தும் அதிகாரி தம் முத்திரையையும் கையொப்பத்தையும் அங்கே போடட்டும். இல்லாவிட்டால் மூடிய வரிகளுக்கு மேல் இன்னொரு முத்திரை விழும்.

கலர் நகலில் சிவப்பு வட்டத்துக்குக் கீழே கறுப்பு எழுத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். தேதியின் ஓர் எண்ணோ பதவியின் ஒரு சொல்லோ அப்போதும் பிடிபடவில்லையென்றால், படித்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. 300 dpi கலர் ஸ்கேன் எடுத்து PNG கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்திச் சுருக்கிய JPEG கோப்பில் எழுத்து ஓரங்கள் கலங்கிவிடும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் கோப்பைத் திறந்து இந்த வரிசையில் போங்கள்:

```
Colors > Components > Extract Component...
Component: RGB Red
```

சிவப்பு மை சிவப்பு ஒளியை வெள்ளைத் தாளைப் போலவே திருப்பி அனுப்பும். அதனால் இந்தப் படத்தில் முத்திரை வெளுத்து மங்கிவிடும், கறுப்பு எழுத்து அப்படியே நிற்கும். நீல முத்திரையாக இருந்தால் RGB Blue எடுங்கள். ஊதா முத்திரைக்கு இரண்டையும் எடுத்துப் பார்த்து, தெளிவாக இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையும் எழுத்தும் ஒரே கறுப்பாக இருந்தால் இந்த வழி உதவாது.

ஒன்றில் கவனமாக இருங்கள். முத்திரை மங்கிய படம் சுத்தமாகத் தெரிகிறதே என்று அதை அச்சடித்து விண்ணப்பத்தோடு வைத்துவிடாதீர்கள். முத்திரை இல்லாத சான்றிதழாகத்தான் அது அதிகாரியின் கண்ணில் படும். எழுத்தின் மேல் முத்திரை ஏறியிருப்பதே பெயரையும் தேதியையும் பிறகு மாற்றாமல் இருக்கத்தான். அனுப்பும் நகலில் இரண்டும் தெரிய வேண்டும்.

படித்த வரிகளைத் தனித் தாளில் டைப் செய்து கலர் நகலோடு இணைக்கலாம். தலைப்பில் "சான்றிதழில் உள்ள வாசகம்" என்று விண்ணப்ப மொழியில் போடுங்கள். பார்ப்பவருக்கு இது நகலல்ல, படிக்க உதவும் தாள் என்று புரியும். அசலில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடியுங்கள். பட்டங்கள் டத்தோ என்றாலும் டத்தோஸ்ரீ என்றாலும் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும். பெயருக்குப் பின்னால் வரும் விருது எழுத்துகளை வரிசை மாற்றாதீர்கள். பதவிக்கு மேல் "பி.பி." என்று இருந்தால், பாகி பிஹாக், அதாவது வேறொருவர் சார்பாகக் கையொப்பமிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால் கையொப்பமிட்டவரின் பதவியே மாறிவிடும். மகளின் பெயரிலுள்ள "ஏ/பி" இடைவெளியோ ஓர் எழுத்தோ ஐசியோடு ஒத்துப்போகாவிட்டாலும் நீங்கள் திருத்தக் கூடாது. உள்ளபடியே டைப் செய்துவிட்டு, பெயர்த் திருத்தத்தை ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

கையொப்பம் உள்ள இடத்தில் அடைப்புக்குறிக்குள் "கையொப்பம்" என்று மட்டும் எழுதுங்கள். கோணல்மாணலான கோட்டைப் பார்த்துப் பெயரை ஊகிக்காதீர்கள். முத்திரை முழுதாக மறைத்த சொல்லுக்கு "[முத்திரை மறைத்துள்ளது]" என்று போடலாம். அதே போட்டியில் பரிசு வாங்கிய தோழியின் சான்றிதழில் முத்திரை சற்றுத் தள்ளி விழுந்திருந்தால், பொது வாசகத்தையும் பதவிப் பெயரையும் அதில் சரிபார்க்கலாம். அப்படி எடுத்த சொல்லுக்கு அருகில் "அதே போட்டியின் வேறு சான்றிதழிலிருந்து" என்று குறிப்பிடுங்கள். வரிசை எண், பரிசு நிலை, பெயர் மூன்றையும் அங்கிருந்து எடுக்கவே கூடாது.

நகலை யார் உறுதிப்படுத்தலாம் என்பது விண்ணப்பப் பாரத்திலேயே இருக்கும். சிலர் ஏ பிரிவு அரசு அதிகாரி வேண்டும் என்பார்கள், சிலருக்குப் பள்ளித் தலைமையாசிரியர் போதும். யாராக இருந்தாலும் அசலைக் கையில் கொண்டுபோங்கள். அசலைப் பார்க்காமல் அவர்கள் கையொப்பமிட மாட்டார்கள், இடவும் கூடாது.

கேள்வி: எங்கள் மகனின் சான்றிதழில் தங்க நிற ஸ்டிக்கர் முத்திரை. நகலில் அது கறுப்பாகவே வருகிறது. லேமினேட் செய்தால் சரியாகுமா? – தாப்பா வாசகர்

பதில்: ஆகாது, இன்னும் மோசமாகும். பளபளக்கும் ஸ்டிக்கர் மிஷினின் விளக்கொளியை வேறு பக்கம் தெறிக்கவிடுகிறது. லென்ஸுக்கு ஒளி வராததால் அது கறுப்பாகிறது. லேமினேட் தாளின் பளபளப்பு அதோடு சேர்ந்துகொள்ளும். அதன் சூடும் அழுத்தமும் ஸ்டிக்கரில் பொறித்த மேடுபள்ளத்தைத் தட்டையாக்கலாம். தடவிப் பார்த்து அசல் என்று உறுதிசெய்யும் அதிகாரிக்கு அது போய்விடும்.

ஜன்னலோரம் நேர்வெயில் படாத இடத்தில் தாளைத் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் முத்திரையின் எழுத்துகள் எழுந்து தெரியும். அந்தப் படத்தைக் கலரில் அச்சடித்து நகலோடு இணைத்துவிடலாம். ஸ்டிக்கருக்கு அடியில் அச்செழுத்து இருந்தால் எந்த மிஷினிலும் அது தெரியாது. பிரித்துப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம். ஸ்டிக்கர் கிழிந்தால் சான்றிதழின் மதிப்பும் போய்விடும். வழங்கியவர்களிடம் அந்த வரியைக் கடிதமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.