பழைய பிரிண்டை ஸ்கேன் செய்தல்: எத்தனை டிபிஐ, எந்த அமைப்பு?

பழைய புகைப்படங்களை மெருகேற்றத் தொடங்குவதற்கு முன்பே, ஸ்கேனர் திரையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நின்றுவிடும் வாசகர்களின் கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் இளமைக்காலக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உள்ளது. வெள்ளை ஓரத்தையும் சேர்த்து இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். ஸ்கேனர் பெட்டியில் 9600 டிபிஐ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதிகபட்ச அளவில் எடுத்துவிட்டால் பிறகு கவலை இல்லை அல்லவா?

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் பல சமயங்களில், ஸ்கேனர் படித்த பிக்சல்களுக்கு நடுவே மென்பொருள் தானாகக் கணக்கிட்டு நிரப்பும் பிக்சல்களையும் சேர்த்துச் சொல்லப்படுவது. Optical Resolution என்று விவரப் பட்டியலில் தனியாகத் தரப்பட்டிருப்பதே உணரி படிக்கும் அளவாகும். லென்ஸின் திறன் குறைவாக இருந்தால் அதிலும் ஒரு பகுதிதான் நுணுக்கமாகக் கோப்பில் வந்து சேரும். ஆனால் எந்த அளவில் எடுப்பது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது ஸ்கேனர் அன்று, அந்தப் பிரிண்ட்தான். தாளில் இல்லாத நுணுக்கத்தை எந்த எண்ணாலும் வரவழைக்க முடியாது.

நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிட்ட சாதாரணப் பிரிண்டுகளில் 300 டிபிஐக்கு மேல் கிடைக்கும் நுணுக்கம் பெரும்பாலும் சொற்பமே. உங்கள் படமோ வேறு வகையாக இருக்கலாம். 120 ஃபிலிமில் 6 × 9 சென்டிமீட்டர் சட்டகத்தில் எடுத்த நெகட்டிவும் ஏறத்தாழ நீங்கள் சொல்லும் அளவில்தான் இருக்கும்; அதைத் தாளின் மேல் நேராக வைத்து, பெரிதாக்காமல் அச்சிடும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. அப்படி அச்சிட்ட பிரிண்டில் நெகட்டிவின் நுணுக்கம் நெருக்கமாக அடங்கியிருக்கும் என்பதால், கையளவுப் படமாயினும் 600 டிபிஐயையும் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

ஊகிப்பதை விடச் சோதிப்பது எளிது. முகம் இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 300, 600, 1200 என மூன்று முறை ஸ்கேன் செய்யுங்கள். முதல் இரண்டையும் மூன்றாவதன் அளவுக்குப் பெரிதாக்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இமை முடி, சட்டைப் பொத்தான், துணியின் விளிம்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். அளவு கூடும்போது இரண்டு முடிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் பிரிண்டில் இன்னும் சரக்கு இருக்கிறது என்று பொருள். தாளின் நாரும் மணல் போன்ற துகளும் மட்டும் பெரிதாகித் தெரிந்தால், அதற்கு முந்தைய அளவே போதுமானது.

உங்கள் படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 750 × 1050 பிக்சல் கிடைக்கும். 600இல் 1500 × 2100. 1200இல் 3000 × 4200. எட்டு அங்குல அகலத்துக்கு மறுபடி அச்சிட நினைத்தால் 3.2 மடங்கு பெரிதாக்க வேண்டும், அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் ஸ்கேன் 960 டிபிஐயாவது இருக்க வேண்டும். ஆகவே இந்த ஒரு படத்துக்கு 1200 வைப்பதில் தவறில்லை; கீறல்களையும் புள்ளிகளையும் திருத்தும்போது அவற்றின் விளிம்பு கூர்மையாகத் தெரிவது கூடுதல் வசதி. ஆல்பம் நிறைய இருக்கும் நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டுகளுக்கு 600 போதும் என்பது என் கருத்து. 9600ஐ மறந்துவிடலாம்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலரில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். கோப்பு மூன்று மடங்காவதைத் தவிர என்ன பயன்?

படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் அதன் மேல் படிந்த சேதம் அப்படி இருப்பதில்லை. மஞ்சள் நிறக் கறை நீல ஒளியை உறிஞ்சுவதால் நீலச் சேனலில் கருமையாகத் தெரியும். சிவப்புச் சேனலில் ஏறக்குறைய மறைந்தே போகும். கலரில் எடுத்த கோப்பு இருந்தால், மூன்று சேனல்களையும் தனித்தனியே பார்த்து, கறை குறைந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஸ்கேனரே சாம்பல் நிறமாக மாற்றிக் கொடுத்துவிட்டால் கறையும் படமும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கறை எதுவும் இல்லாமல், படத்தின் வெள்ளியே மங்கி மஞ்சள் பழுப்பாகிவிட்டிருந்தால், அந்த மங்கிய உருவம் அழுத்தமாகத் தெரிவது நீலச் சேனலில்தான். எந்தச் சேனல் உதவும் என்பதை ஸ்கேன் செய்த பிறகே அறிய முடியும் என்பதால், மூன்றையும் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: எழுபதுகளில் எடுத்த கலர் படங்கள் சிவப்பேறி வெளிறிவிட்டன. ஸ்கேனர் மென்பொருளில் நிறத்தை மீட்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு எடுக்கலாமா? 24-bit, 48-bit என்பதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

Color Restoration, Fading Correction போன்ற பெயர்களில் வரும் அந்த வசதியை அணைத்துவிட்டு 48-bit Color தேர்ந்தெடுங்கள். Unsharp Mask, Dust Removal, தானியங்கி ஒளியளவு ஆகியவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை எல்லாமே மோசமானவை என்பதால் அல்ல. அவை செய்த முடிவைப் பின்னால் மாற்ற வழியில்லை என்பதால். கூர்மையாக்கும்போது விளிம்பில் படியும் வெள்ளைக் கோடும், தூசு என்று கருதிக் கண்ணில் இருக்கும் ஒளிப்புள்ளியை அழித்துவிடும் செயலும் கோப்போடு சேர்ந்துவிடும்.

சிவப்பேறுவதற்குக் காரணம், அக்காலத் தாள்கள் பலவற்றில் சியான் சாயம் மற்ற இரண்டையும் விட வேகமாக மங்கியதுதான். சியான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. அது போய்விட்டதால் படத்தின் இருண்ட இடங்களிலும் சிவப்பு எழும்பி நிற்கிறது. ஹிஸ்டோகிராமில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். எடுத்துக்காட்டாக, பச்சைச் சேனல் 60 முதல் 225 வரை பரவியிருக்க, சிவப்புச் சேனல் 150க்கும் 240க்கும் இடையே ஒடுங்கி வலப்பக்கம் ஒட்டிக்கிடக்கும். 24-bit கோப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் 256 படிகள்தான் உண்டு. அந்தச் சிவப்புச் சேனலுக்கு அவற்றில் 91 மட்டுமே கிடைத்திருக்கிறது. நிறத்தைச் சரிசெய்ய அதை முழு அகலத்துக்கு இழுக்கும்போது படிகளுக்கு நடுவே வெற்றிடங்கள் விழுந்து, ஹிஸ்டோகிராம் சீப்புப் பல் போல ஆகிவிடும். படத்தில் வானமும் கன்னமும் பட்டை பட்டையாகப் பிரியும். 48-bit கோப்பில் ஒவ்வொரு படியும் மேலும் 256 பங்காகப் பிரிந்திருப்பதால் அதே இழுப்பைத் தாங்கும். ஸ்கேனரின் இரைச்சல் அவற்றில் பலவற்றைப் பயனற்றதாக்கிவிடும் என்றாலும், மிஞ்சுவதே தேவைக்கு அதிகம்.

இதைச் சேமிக்கும்போது டிஃப் கோப்பாகவே சேமியுங்கள். ஜேபெக்கில் சேனலுக்கு எட்டு பிட்தான் அடங்கும் என்பதால், 48-bit என்று எடுத்துவிட்டு ஜேபெக்கில் சேமித்தால் எடுத்ததெல்லாம் அந்த நொடியே வீணாகும்.

உங்கள் மென்பொருள் 24-bit மட்டுமே தரும் என்றால் வேறொரு வழி இருக்கிறது. ஸ்கேனர்கள் உள்ளே அதிகப் படிகளில் படித்து, வெளியே கொடுக்கும்போதுதான் எட்டு பிட்டாகக் குறைக்கின்றன. ஆகவே முன்னோட்டத்தில் தெரியும் ஹிஸ்டோகிராமில் ஒவ்வொரு சேனலுக்கும் கருமை முனையையும் வெண்மை முனையையும் நீங்களே நகர்த்தி வைத்தால், இழுக்கும் வேலை குறைப்பதற்கு முன்பே நடந்துவிடும். முனைகளை மேட்டின் விளிம்போடு ஒட்ட வைக்காமல், இரண்டு பக்கமும் சிறிது இடம் விடுங்கள். குறிப்பாகச் சிவப்பின் வலது முனை சுவரில் மோதி ஊசி போல் எழுந்தால், வெளிச்சமான பகுதிகளில் நுணுக்கம் வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அதை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. இந்த அளவை எடுக்கும்போது தேர்வுக் கட்டத்தைப் படத்துக்குள்ளேயே வரையுங்கள். ஸ்கேனர் மூடியின் வெண்மையும் தாளின் ஓரமும் கட்டத்துக்குள் வந்தால் கணக்கு தவறிவிடும்.

கேள்வி: தேன்கூடு போன்ற மேடுபள்ளம் கொண்ட தாளில் அச்சிட்ட படம். ஸ்கேனில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். டிபிஐயைக் கூட்டினால் சரியாகுமா?

கூட்டினால் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். சமதள ஸ்கேனரின் விளக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே சாய்வாக ஒளி வீசுவதால், ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் நிழலும் விழுகின்றன. பிரிண்டை 180 பாகை திருப்பி வைத்து மறுபடி எடுத்தால் பளபளப்பு இருந்த இடத்தில் நிழல் விழும். இரண்டு கோப்புகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்தி, மேலடுக்கின் ஒளிபுகாமையை 50 சதவீதமாக வைத்தால் இரண்டும் பெருமளவு ஈடாகிவிடும். ஒரே திசையில் மட்டும் சரியாகி மறு திசையில் மிஞ்சினால், 90, 270 பாகையிலும் எடுத்து நான்கையும் சராசரி செய்யலாம். இரண்டு ஸ்கேனும் ஒரே ஒளியளவில் இருக்க வேண்டும் என்பதால் தானியங்கி எல்லாம் அணைந்திருப்பது இங்கே கட்டாயம். பொருத்துவதில் ஒரு பிக்சல் தவறினாலும் இமைகள் மங்கிவிடும் என்பதால், அடுக்குகளைத் தானாகப் பொருத்தும் கட்டளையைப் பயன்படுத்திய பிறகும் 100 சதவீத அளவில் கண்ணால் சரிபாருங்கள்.

கேள்வி: செய்தித்தாளில் வந்த படத்தில் அலை அலையாகக் கோடுகள் வருகின்றன.

அச்சுப் புள்ளிகளின் இடைவெளியும் ஸ்கேனரின் பிக்சல் இடைவெளியும் ஒன்றோடொன்று மோதுவதால் அந்த அலை எழுகிறது. செய்தித்தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 வரிசைப் புள்ளிகள் இருப்பது வழக்கம். 600 டிபிஐயில், Descreening அணைத்த நிலையில் எடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் முழுதாகப் பதிவாகிவிடும். பிறகு இலேசாக மங்கலாக்கி, படத்தைச் சிறிதாக்கினால் புள்ளிகள் கரைந்துவிடும்.

கேள்வி: பிரிண்ட் சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்து எடுக்கலாமா?

பிரிக்க வேண்டாம், படம் தாங்கிய ஜெலட்டின் அடுக்கு கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடி கீழே வருமாறு வைத்து அப்படியே எடுங்கள். ஆனால் மெலிதான சிஐஎஸ் வகை ஸ்கேனரில் குவியம் தளக் கண்ணாடியை ஒட்டியே இருப்பதால், இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தாலே படம் மங்கிவிடும். தடிமனான சிசிடி வகையில் அந்த உயரம் பெரும்பாலும் தாங்கும். சிசிடி கிடைக்காவிட்டால், கேமராவை நேர் மேலே நிறுத்தி, இரு பக்கமும் சாய்வான விளக்கு வைத்துப் படம் எடுப்பதே மேல்.