ஏசி ரூம் சீலிங்ல ஒயரும் பைப்பும் போற ஓட்டைகள்: கேள்வி பதில்

கே: அண்ணே, கடலூர் முதுநகர்ல மாடி ரூம், தகர ஷீட், கீழ ஜிப்சம் சீலிங். லைட்டை சுத்தி கருப்பா பூஞ்சை. ஷீட் ஒழுகல, ஆள் வச்சு பாத்தாச்சு.

தம்பி, அது மழைத்தண்ணி இல்ல, காத்துல இருக்கற தண்ணி. கடலோரத்துல ராத்திரி 29 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு வச்சுக்கோங்க, அந்த காத்து 26 டிகிரிக்கு கீழ இருக்கற எதுல பட்டாலும் வேர்க்கும். நீங்க ஏசிய 24ல போட்டு தூங்கறீங்க, போர்டு ஓரம் ஜில்லுன்னு இருக்கு, லைட் ஓட்டை வழியா மேல இருக்கற காத்து இறங்கி அங்கயே ஈரமாகுது.

போர்ட கழட்டுங்க. தகரத்த தாங்கற பர்லின் அடியில காத்தும் ஈரமும் புகாத மெம்ப்ரேன், அதுக்கு கீழ இன்சுலேஷன், அப்புறம் 5 செ.மீ. இடைவெளி விட்டு போர்டு. நம்ம ஊர்ல ஈரம் வெளியிலேருந்து உள்ள வர்றதால ஷீட் வெளிப்பக்கம், மெம்ப்ரேன் இன்சுலேஷனுக்கு மேல. குளிர்நாட்டு வீடியோவ பாத்து போர்டுக்கு பின்னாடி பாலித்தீன் அடிச்சா அதுலயே தண்ணி கோர்க்கும். லைட் ஒயரெல்லாம் அந்த இடைவெளிக்குள்ளயே ஓடட்டும், மேல போறது ஒரே ஒரு பைப்பா இருக்கட்டும். ஓட்டைய நல்லா அடைக்கறத விட ஓட்டையே போடாம இருக்கறது தான் வேலை.

கே: நான் எலக்ட்ரீஷியன் சார். நாலு ஒயரையும் கட்டா ஒரே ஓட்டைல விட்டு சுத்தி சிலிகான் வச்சா போதாதா?

கட்டுக்கு வெளிய தான் சிலிகான் இருக்கு, ஒயருக்கும் ஒயருக்கும் நடுவுல சந்து அப்படியே கிடக்கு. ஒன்னு, ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியா ரப்பர் குரோமெட்ல விடுங்க, இல்ல 25 மி.மீ. பிவிசி பைப்ல போட்டு, ஒயர் இழுத்து முடிச்சதும் பைப் வாயையும் அடைங்க. இத தான் எல்லாரும் மறக்கறீங்க, வெளிய ஜோரா டேப் ஒட்டிட்டு உள்ள குழாய் ஊதிட்டு இருக்கும்.

மெம்ப்ரேன்ல ஓட்டைய பைப் சைஸுக்கு வெட்டாதீங்க. 25க்கு 18 மாதிரி சின்னதா வெட்டி அழுத்தி நுழைச்சா மெம்ப்ரேன் சட்டை காலர் மாதிரி நிக்கும். டேப்ப சின்ன சின்ன துண்டா, பாதி பைப்ல பாதி மெம்ப்ரேன்ல, ஒன்னு மேல ஒன்னு ஏறற மாதிரி சுத்தி ஒட்டுங்க. ஒட்டினதும் ரோலரால அழுத்தணும், கையால தடவினா போதாது. ரெண்டு பைப்ப ஒட்டி போடாதீங்க, நடுவுல விரல் நுழைஞ்சா தான் டேப் சுத்த முடியும்.

கே: பிரவுன் டேப் ஒட்டலாமா?

கூடாது. தகரத்து சூட்டுல பசை காஞ்சு உரிஞ்சிடும்.

கே: டக்ட் டேப்?

மேல படிங்க. அதுவும் இதே கதி தான்.

கே: ஏசி காப்பர் பைப் சுவர் வழியா வர்ற இடத்துல ஃபோம் ஸ்ப்ரே அடிச்சேன், இப்ப விரிசல். என்ன பண்ண?

ஃபோம் சந்தை ரொப்பத்தான், காத்தை நிறுத்த அது மட்டும் நம்பாதீங்க. ஏசி ஆளுங்க ரெண்டு காப்பர், தண்ணி போற ட்ரெயின் பைப், ஒயர் எல்லாத்தையும் ஒன்னா வெள்ளை டேப்ல சுத்திடுவாங்க, பாக்க நீட்டா இருக்கும், உள்ள சந்து. சுவர் கிட்ட மட்டும் அந்த சுத்தலை பிரிச்சு நாலையும் தனியா விடுங்க. கருப்பு ரப்பர் இன்சுலேஷன் சுவருக்குள்ள அறுபடாம போகணும், வெட்டினா அங்க காப்பர் வேர்க்கும். பூச்சு மேல டேப் ஒட்டறதுக்கு முன்னாடி தூசி தட்டி பிரைமர் அடிங்க, மணல் உதிர்ற பூச்சுல எந்த டேப்பும் நிக்காது.

கே: எங்களது பாண்டியில பழைய சுண்ணாம்பு சுவர் வீடு, மெட்ராஸ் டெரஸ். வீடு மூச்சு விடணும் தம்பி, இப்படி பிளாஸ்டிக்ல சுத்தினா நாசமாகும்.

அக்கா, பாதி சரி. ஈரம் சுண்ணாம்பு சுவர் வழியா மெதுவா போறது வேற, ஓட்டை வழியா காத்து புகுறது வேற. உங்க சுவருக்கு பிளாஸ்டிக் வேண்டாம், விரிசலில்லாத பூச்சே காத்துக்கு தடுப்பு. ஒயர் போற ஓட்டைய மட்டும் பாருங்க. ஏசியே போடலன்னா இதெதுவும் தேவையில்ல, ஜன்னலை தொறங்க.

கே: அக்கா சொல்றதும் நியாயம் தான? மூடின ரூம்ல காலைல தலை வலிக்குது எனக்கு.

வலிக்கும், நாலு பேர் தூங்கினா காத்து கெட்டுப்போகும். ஃபில்டரோட ஒரு சின்ன ஃபேன் வெளிக்காத்தை உள்ள தள்ளட்டும். ஆனா அந்த காத்துல ஈரமும் வருமே, கம்ப்ரசர் நின்ன நேரத்துல அத யாரு எடுக்கறது? டீஹியூமிடிஃபையர்ங்கறாங்க சிலர், கரண்ட் பில்லை பாத்தா எனக்கு இன்னும் மனசு ஒப்பல.

கே: அடைச்சது சரியான்னு எப்படி பாக்கறது?

ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஒட்டின பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தா அத போட்டு பாத்ரூம் கதவை தொறந்து வைங்க. ஊதுபத்தி புகைய ஒவ்வொரு ஓட்டை பக்கமும் காட்டுங்க, சிதறினா ஓட்டை. போர்டு மூடறதுக்கு முன்னாடி பண்ணணும், மூடின பிறகு கேக்காதீங்க. கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எரியறப்ப பண்ணவே கூடாது.

கே: பாத்ரூம் டைல்ஸ் ஒழுகுது, எந்த டேப்?

பிளம்பரை கூப்பிடுங்க.