கேட்டது 2000, வந்தது 1500: கையிருப்பு எவ்வளவு? (கேள்வி பதில்)

ஆம்பூர், ஷூ கம்பெனி ஸ்டோர்ஸ்: ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சோல் 2000 ஜோடி கேட்கிறோம் சார். சில தடவை 1500தான் வருது. பாதுகாப்பு இருப்பு எவ்வளவு வெச்சிக்கணும்?

முதலில் பழைய ரசீதுகளை எடுத்து, வந்ததைக் கேட்டதால் வகுங்கள். பில்லில் உள்ள எண்ணிக்கை வேண்டாம். சோதனையில் தேறி ஜிஆர்என்னில் ஏறியதுதான் கணக்கு. பத்தில் எட்டு தடவை முழுசாகவும் இரண்டு தடவை 1500ஆகவும் வந்திருந்தால் சராசரி 95%, திட்டவிலக்கம் 10%.

ஆம்பூர், இன்னொருவர்: அப்போ 2105 ஆர்டர் போட்டா சரியாயிடுமே, தனி ஸ்டாக் எதுக்கு?

2000ஐ 0.95ஆல் வகுத்தால் 2105, சரிதான். ஆனால் அது சராசரியைத்தான் சரிசெய்யும். குறைவாக வருகிற தடவை 1579தான் இறங்கும், 421 ஜோடி துண்டு விழும். உங்கள் இரண்டு வாரச் செலவின் திட்டவிலக்கம் 150 ஜோடி என்றால் எக்செலில் இப்படிப் போடுங்கள்:

```
=1.65*SQRT(150^2+(2105*0.1)^2)
```

426 வரும். பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக்கூடாது. 1.65 என்பது 5% ஆபத்துக்கான எண், அதுவும் வரத்து சராசரியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால்தான் பொருந்தும். உங்களுக்கோ முழுசாக வருகிறது, இல்லை கால் பங்கு குறைகிறது. குறைகிற தடவை 426 கையில் இருந்தும் லைன் நிற்க ஏறக்குறைய பாதி வாய்ப்பு. அது 20% தடவை நடப்பதால் மொத்த ஆபத்து 10%. 5%க்கு இறக்க, 421உடன் செலவு ஏற்றத்துக்கு 100 சேர்த்து, 520 ஜோடி வையுங்கள்.

ராணிப்பேட்டை, டேனரி: எங்களுக்கு குரோம் சல்பேட் முழுசா வருது, ஆனா லேட்டா வருது. இதே கணக்குதானே?

இல்லைங்க. தாமதத்துக்கு, தினசரி செலவை தாமத நாட்களின் திட்டவிலக்கத்தால் பெருக்குங்கள். அளவும் குறைந்தால் இந்தப் பெருக்குத்தொகையின் வர்க்கத்தையும் மேலே உள்ள SQRTக்குள் கூட்டிக்கொள்ளலாம்.

வாணியம்பாடி: பாக்கி 500 அடுத்த வண்டியில வரும்னாங்க. கம்ப்யூட்டர்ல ஸ்டாக் போதும்னு காட்டுது, லைன் நிக்குது.

அந்த 500 இன்னும் திறந்த ஆர்டராகக் கிடக்கும். சிஸ்டம் அதை வரவிருக்கும் சரக்காக எண்ணி, அடுத்த ஆர்டரை அத்தனை குறைத்துவிடும். சப்ளையர் தேதி எழுதித் தராவிட்டால் பாக்கியை மூடிவிட்டு, தேவையைப் புதிதாக ஆர்டர் போடுங்கள். பாதுகாப்பு இருப்பைக் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது.

குடியாத்தம்: கூட கேட்டா கூட வருமா அண்ணே?

காரணத்தைப் பொறுத்தது. ரிஜெக்ஷனால் குறைந்தால் கேட்ட அளவுக்கு ஏற்ப வரத்தும் ஏறும். அவர்களிடம் மோல்டு போதாமல் குறைந்தால் 2105 கேட்டாலும் 1500தான் வரும். அங்கே இரண்டாவது சப்ளையர்தான் வழி. கேட்டதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டும் கலந்திருந்தால் பிரிக்க பத்து ரசீது போதாது.