48 ஹெர்ட்ஸில் தெரிவது ரோட்டார் பழுதா, வெறும் கசிவா?

"மில்லில் ஒரு 4 போல் மோட்டார், லோடில் 1470 ஆர்பிஎம். ரோட்டார் பார் உடைந்திருக்குமோ என்று சந்தேகம். கிளாம்ப் மாட்டி 10 விநாடி கரன்ட்டைப் பதிவு செய்து எஃப்எஃப்டி போட்டேன். ஒரு பதிவில் 50 ஹெர்ட்ஸ் ஊசி மாதிரி நிற்கிறது, அடுத்ததில் இரண்டு பக்கமும் பரந்து சரிகிறது. எதை நம்புவது? எந்த விண்டோ சரி?"

ஹான் விண்டோ போட்டுப் பாருங்கள். உங்கள் மோட்டாருக்கு அது போதும். இரண்டு பதிவும் பொய்யில்லை. இடையில் மாறியது பெரும்பாலும் கிரிட் அதிர்வெண்தான்.

எஃப்எஃப்டி உங்கள் 10 விநாடித் துண்டை, முடிந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும் அலையாக எடுத்துக்கொள்கிறது. கிரிட் சரியாக 50.00 ஹெர்ட்ஸில் இருந்தால் 10 விநாடியில் 500 முழுச் சுற்று. கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சுத்தமாக ஒட்டிக்கொள்ளும், ஊசி தெரியும். 49.95 என்றால் 499.5 சுற்று. அரைச் சுற்று மிச்சப்பட்டு, ஒட்டும் இடத்தில் அலை முறிகிறது. அந்த முறிவைக் காட்ட எல்லா அதிர்வெண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படுவதால், 50-இன் ஆற்றல் பக்கத்துக் கட்டங்களுக்குக் கசிகிறது. இந்திய கிரிட்டை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில்தான் பிடித்து வைக்கிறார்கள், அதனால் 49.95 அன்றாடம் வருவதுதான்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 4 போலுக்கு ஒத்திசைவு வேகம் 1500, 1470-இல் ஓடினால் பின்தங்கல், அதாவது ஸ்லிப், 2 சதவீதம். பார் உடைந்திருந்தால் மெயின் அதிர்வெண்ணுக்கு இருபுறமும், ஸ்லிப்பைப் போல இரு மடங்கு தள்ளி, அதாவது 50-இல் 4 சதவீதமான 2 ஹெர்ட்ஸ் தள்ளி சைடுபேண்ட் வரும். மெயின் 20 ஆம்பியர், சைடுபேண்ட் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 46 டெசிபல் கீழே. கவனிக்க வேண்டிய அளவுதான். 10 விநாடிப் பதிவில் ஒரு கட்டம் 0.1 ஹெர்ட்ஸ், ஆகவே சைடுபேண்ட் 20 கட்டம் தள்ளி இருக்கிறது.

விண்டோ எதுவும் போடாமல் விட்டால், 49.95-இன் கசிவு 48 ஹெர்ட்ஸ் கட்டத்தில் சுமார் 0.33 ஆம்பியர் வரும். நீங்கள் தேடுவதைவிட மூன்று மடங்கு. பழுது இருந்தாலும் தெரியாது. ஹான் விண்டோ பதிவின் இரு முனையையும் மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுகிறது, முறிவே இல்லை. அதே இடத்தில் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே போய்விடும்.

இங்கே பலர் ஹாமிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உச்சிக்கு இருபுறமும் வரும் சின்ன மேடுகள்தான் பக்கமடல். அட்டவணையில் ஹாமிங்கின் பக்கமடல் 43 டெசிபல் கீழே, ஹானுக்கு 31 மட்டுமே. ஆனால் அது மிக உயரமான பக்கமடலின் கணக்கு. ஹாமிங் முனைகளில் பூஜ்யத்தைத் தொடாமல் 0.08-இல் நிற்கிறது, அந்தச் சின்ன முறிவின் கசிவு தூரம் போனாலும் சீக்கிரம் குறையாது. 20 கட்டம் தள்ளி 48 மில்லி ஆம்பியர் மிச்சம் இருக்கும், உங்கள் சைடுபேண்டில் பாதி! சின்னது பெரியதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துத்தான் விண்டோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

```python
w = get_window('hann', N)
A = 2*np.abs(np.fft.rfft(x*w)) / w.sum()
dB = 20*np.log10(A / A.max())
```

`get_window` என்பது `scipy.signal`-இல் இருக்கிறது. `w.sum()`-ஆல் வகுக்காமல் `N`-ஆல் வகுத்தால் எல்லா உயரமும் பாதியாகத் தெரியும். சரியாக வகுத்தாலும், அதிர்வெண் இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்தால் ஹான் 15 சதவீதம் குறைத்துக் காட்டும். உயரம் துல்லியமாக வேண்டுமென்றால், அதற்கு மட்டும் ஃப்ளாட் டாப் விண்டோ போட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

ஹானுக்கும் விலை உண்டு. உச்சி இருபுறமும் 2 கட்டம் அகலமாகிவிடும், உங்கள் பதிவில் 0.2 ஹெர்ட்ஸ். லோடு இல்லாமல் மோட்டார் ஓடி ஸ்லிப் 0.2 சதவீதத்துக்கு இறங்கினால் சைடுபேண்டும் மெயினிலிருந்து அதே 0.2 ஹெர்ட்ஸ் தள்ளி வந்து உட்காரும். பிளாக்மேன்-ஹாரிஸ் போட்டால் இன்னும் மோசம், அதன் உச்சி 4 கட்டம் பரவும். அங்கே விண்டோவை மாற்றிப் பயனில்லை. மோட்டாருக்கு லோடு கொடுங்கள், இல்லையென்றால் பதிவை நீட்டுங்கள்.

பார்ப்பது நிஜமா கசிவா என்று சந்தேகம் வந்தால், அதே பதிவை 10 விநாடிக்கு ஒரு முறை, 9.31 விநாடிக்கு வெட்டி ஒரு முறை ஓட்டுங்கள். நிஜ சைடுபேண்ட் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே உயரத்தில் நிற்கும். கசிவு என்றால் சரிவின் உயரமே பெரும்பாலும் மாறிவிடும். இரண்டிலும் 50-ஐச் சுற்றி ஹான் போட்டும் அகலம் குறையவில்லை என்றால், பதிவு நடக்கும்போதே கிரிட் அதிர்வெண் நகர்ந்திருக்கிறது. அதை எந்த விண்டோவும் சரிசெய்யாது. கிரிட் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, லோடு மாறாமல், மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான்.