டிக்கெட்டில் 14ஆம் தேதி, கிளம்ப வேண்டியது 13ஆம் தேதி

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் விமானம், ஹோட்டல் இரண்டையும் ஒரே தளத்தில் புக் செய்தேன். கன்ஃபர்மேஷன் ஐந்து பக்கம் வந்திருக்கிறது. விமானம் 14 Mar 00:40, போய்ச் சேருவது 11:30. லக்கேஜ் போகும்போது 2PC, வரும்போது 20K. ஹோட்டலில் Free cancellation until 12 Mar 23:59 என்று இருக்கிறது. எத்தனை மணிக்குச் செக்-இன், எத்தனை கிலோ கொண்டு போகலாம், கேன்சல் செய்தால் எவ்வளவு திரும்ப வரும்? எதை எப்படிப் படிப்பது?

பதில்:

முதலில் அந்த 00:40. அது 13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் பிடிக்க வேண்டிய விமானம். வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுண்டரை வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் கணக்கில் அது 13ஆம் தேதி இரவு 23:40. மூன்று மணி நேரம் முன்னதாகப் போவதென்றால் 21:40க்கு அங்கே இருக்க வேண்டும். ஆக, டிக்கெட்டில் 14 என்று இருந்தாலும் விமான நிலையத்தில் உங்களுக்கு வேலை முழுக்க 13ஆம் தேதிதான். என் மச்சான் ஒருமுறை இப்படி ஒரு டிக்கெட்டோடு 14ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியும் கையுமாகப் போய் நின்றார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது.

ஆன்லைன் செக்-இன் முடித்துவிட்டோம் என்று நிதானமாகப் போகாதீர்கள். அது முடிந்திருந்தாலும் பெட்டியைப் போடக் கவுண்டருக்குத்தானே போக வேண்டும்? அதற்கும் அதே 23:40தான் கெடு. போர்டிங் கேட் அதற்குப் பிறகும் திறந்திருக்கும்; புறப்பாட்டுக்கு 15, 20 நிமிடம் முன்பு அதையும் மூடிவிடுவார்கள். சரியான நிமிடக் கணக்கு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் உங்கள் தாளில் counter closes அல்லது bag drop closes என்று இருக்கும் வரியைத்தான் நம்ப வேண்டும்.

ஹோட்டல் பக்கத்திலும் Check-in என்ற சொல் வரும். அங்கே அதற்கு அர்த்தம் நேர் எதிர். விமானத்தில் “இதற்குள் வந்துவிடு”, ஹோட்டலில் “இதற்கு முன் அறை கிடைக்காது”. Check-in from 15:00 என்று இருந்தால், 11:30க்கு இறங்கும் நீங்கள் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே சுற்ற வேண்டியதுதான். பெரும்பாலான இடங்களில் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அடுத்து கேன்சல். அந்த 23:59 யாருடைய கடிகாரம்? பக்கத்திலேயே சிறிய எழுத்தில் property local time மாதிரி ஏதாவது இருக்கும்; பொதுவாக ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரம்தான். போகும் ஊர் உங்கள் ஊரைவிட ஐந்து மணி நேரம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 23:59 ஆகும்போது உங்கள் கடிகாரத்தில் மாலை 18:59தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் கெடு தாண்டிவிடும். அதற்குப் பிறகு என்ன பிடிப்பார்கள் என்பது அடுத்த வரியில் இருக்கும்: முதல் இரவு வாடகை மட்டுமா, தங்குவதாகச் சொன்ன எல்லா இரவுகளுக்குமா? இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது.

விமானப் பக்கத்தில் Refundable என்று பார்த்ததும் முழுப் பணமும் வரும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பிடித்தம் போக மிச்சம் திரும்ப வரும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பிடித்தத் தொகைக்குப் பக்கத்தில் per passenger per sector என்று இருக்கிறதா என்று பாருங்கள். தொகை 30 என்று போட்டிருந்தால், நீங்கள் இரண்டு பேர், போக ஒன்று வர ஒன்று என இரண்டு பகுதிகள்: 30 × 2 × 2 = 120. அப்புறம் புக் செய்த தளத்தின் சேவைக் கட்டணம் தனி. அது வேறொரு பக்கத்தில், சில சமயம் Terms என்ற இணைப்புக்குள் ஒளிந்திருக்கும்.

கேன்சலும் No-show உம் ஒன்றல்ல. போக முடியாது என்று தெரிந்துவிட்டால் Non-refundable டிக்கெட்டாக இருந்தாலும் கெடுவுக்குள் கேன்சல் செய்துவிடுங்கள். பயன்படுத்தாத டிக்கெட்டுக்குக் கட்டிய வரிப் பணத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. சொல்லாமல் விட்டுவிட்டால் No-show பிடித்தம் வரும், அது வழக்கமாகக் கேன்சல் பிடித்தத்தைவிட அதிகம். இன்னொன்று: போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, “போவதற்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன், வரும்போது மட்டும் இதில் வருகிறேன்” என்று நினைக்கக் கூடாது. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகளையும் விமான நிறுவனம் ரத்து செய்துவிடலாம். நான் ஏஜென்சி கவுண்டரில் இருந்த காலத்தில் இதை நம்ப வைக்கத்தான் அதிகம் பாடுபட்டேன். “காசு கொடுத்த சீட்டை ஏன் ரத்து செய்கிறார்கள்?” என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் விதி அப்படி.

லக்கேஜில் உங்களுடையது சுவாரஸ்யமான கேஸ். 2PC என்றால் இரண்டு பெட்டிகள். எகானமியில் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 23 கிலோ. எடை வரம்பு கீழே குறிப்பில் இருக்கும். இந்த முறையில் பெட்டிதான் கணக்கு. இரண்டு பெட்டிக்குப் பதில் ஒரே பெட்டியில் 46 கிலோ அடைக்க முடியாது. 32 கிலோவுக்கு மேல் போனால் பொதுவாக எடுக்கவே மாட்டார்கள், தூக்குகிறவர்களின் முதுகு முக்கியம். ஒரு பெட்டி 26, இன்னொன்று 15 என்றாலும் அந்த 26க்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். வீட்டிலேயே எடை போட்டுச் சமன் செய்துவிடுங்கள்.

20K என்பது வேறு முறை. அங்கே மொத்த எடைதான் கணக்கு. 12, 8 என்று இரண்டு பெட்டியாகப் பிரித்தாலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு வழிக்கும் முறை வேறாக இருக்கிறதென்றால் வரும் விமானம் வேறு நிறுவனத்துடையதாக இருக்கலாம், Operated by என்ற வரியைப் பாருங்கள். எப்படியோ, போகும்போது ஆளுக்கு 46 கிலோ, வரும்போது ஆளுக்கு 20. கொண்டு போவதில் பாதிக்கு மேல் அங்கேயே கொடுத்துவிட்டு வரப்போவதில்லை என்றால், 20ஐ வரம்பாக வைத்துப் பெட்டி கட்டுங்கள். இல்லையென்றால் கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள், கவுண்டரில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும்.

இவ்வளவையும் அந்த ஐந்து பக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: தளம் கொடுத்த புக்கிங் ஐடி, விமான நிறுவனத்தின் ஆறு எழுத்து PNR. இரண்டாவதையும் குடும்பப் பெயரையும் போட்டு விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் Manage booking பக்கத்தைத் திறந்து பாருங்கள். நேரமோ லக்கேஜோ அங்கே வேறு மாதிரி இருந்தால், எந்த விதி செல்லும் என்று தளத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படியே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 13 இலக்க டிக்கெட் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். PNR இருந்து அந்த எண் இல்லையென்றால் இருக்கையைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறார்கள், டிக்கெட் இன்னும் அடிக்கவில்லை. இன்றைக்கே போன் செய்யுங்கள்.